பில்லுக்கும் பணத்துக்கும் நடுவே 3,293 ரூபாய்



லேத்தில் ஜாப்பை எப்படிப் பிடிப்பது, ரீமரை எப்படி ஓட்டுவது, வெர்னியரை எப்படிப் படிப்பது என்றெல்லாம் நமக்கு ஒர்க்‌ஷாப்பில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அந்த ஜாப்பை முடித்து, பில் போட்டு அனுப்பி, பணம் வரும்போது பில்லில் உள்ளதை விடக் குறைவாக வந்தால் என்ன செய்வது? யாருக்கு எழுதுவது? எப்படி எழுதுவது? நம்மில் பல பேர் நாளைக்குச் சின்னப் பட்டறை வைக்கப் போகிறவர்கள், இல்லாவிட்டால் அப்படிப்பட்ட பட்டறையில் வேலைக்குச் சேரப் போகிறவர்கள். அதனால் இந்த ஒரே ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

என் தாய்மாமா கோவையில் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறார். கம்பெனிக்காரர்கள் வார்ப்பைக் கொடுப்பார்கள். இவர் கடைசல் செய்து திருப்பிக் கொடுப்பார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புக்கு மேல் போனது நான்தான் என்பதால் பில் எழுதுகிற வேலை, கடிதம் எழுதுகிற வேலை எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. நான் சொல்லப் போகும் கணக்கு அங்கே நடந்தது. கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை.

நடந்தது என்ன?

2024 அக்டோபரில் ஒரு பம்ப் கம்பெனிக்கு 1,200 கன்மெட்டல் புஷ் கடைந்து கொடுத்தோம். வார்ப்பு அவர்களுடையது, கூலி மட்டும் நம்முடையது. ஒரு புஷ்ஷுக்கு 70 ரூபாய் ரேட். அக்டோபர் 18-ம் தேதி பில் போட்டோம்.

கூலி: 1,200 × 70 = 84,000 ரூபாய்
ஜி.எஸ்.டி. 12 சதவீதம் = 10,080 ரூபாய்
மொத்தம் = 94,080 ரூபாய்

(அந்தச் சமயத்தில் இந்த மாதிரி ஜாப் ஒர்க்குக்கு 12 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22-ம் தேதி ஜி.எஸ்.டி. அடுக்குகளை மாற்றியபோது இந்த விகிதமும் மாறிவிட்டது. இப்போது பில் போடுகிறவர்கள் நடப்பு விகிதத்தைப் பார்த்துப் போட வேண்டும்.)

45 நாள் கடன் என்று பேச்சு. சொன்னபடி டிசம்பர் 2-ம் தேதி பணம் பேங்கில் ஏறியது. ஆனால் ஏறியது 90,787 ரூபாய். 3,293 ரூபாய் குறைகிறது.

மாமா உடனே போனைப் போட்டார். எடுத்தவர், "ரிஜெக்‌ஷன் ஏதாவது இருக்கும்ங்க, ஸ்டோர்ஸ்ல கேளுங்க" என்றார். ஸ்டோர்ஸில் கேட்டால், "அது அக்கவுண்ட்ஸ் விஷயம்ங்க" என்றார்கள். "போகுது விடு மாப்பிள்ளை, மூவாயிரத்துக்காகப் பெரிய பார்ட்டியைப் பகைச்சுக்க முடியுமா?" என்று மாமா சொல்லிவிட்டார்.

பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் விட்டுவிடவும் கூடாது. 3,293 ரூபாய் என்பது பட்டறை ஹெல்ப்பருடைய நாலு நாள் சம்பளத்துக்கு மேல். அதை விட முக்கியம், அந்தத் தொகையில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு கம்பெனியுடையது, எவ்வளவு அரசாங்கத்தில் நம் பெயரில் இருக்கிறது என்று தெரியாமல் விட்டால் மூன்று பக்கமும் நஷ்டம் நமக்குத்தான். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

எழுதுவதற்கு முன்னால் கணக்குப் போடுங்கள்

"ஏன் குறைத்தீர்கள்?" என்று எடுத்த எடுப்பில் எழுதக் கூடாது. குறைந்த தொகையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அதைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆர்டரில் உள்ள ரேட்டும் பில்லில் உள்ள ரேட்டும் ஒன்றுதானா? டெலிவரி சலானில் அவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிய எண்ணிக்கையும் பில்லில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றுதானா? எங்கள் விஷயத்தில் மூன்று சலான், ஒவ்வொன்றிலும் 400 புஷ், மூன்றிலும் கையெழுத்து. ரேட்டும் சரி.

அடுத்து, பேங்க் பிடித்திருக்குமோ என்று சிலர் நினைப்பார்கள். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். மூலம் வருகிற பணத்துக்கு வாங்குகிறவரிடம் பேங்க் எந்தக் கட்டணமும் பிடிக்கக் கூடாது என்பது ரிசர்வ் பேங்க் விதி. ஆகவே உள்நாட்டுப் பணத்தில் குறைவு வந்தால், அனுப்பியதே குறைவாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் வருவது டி.டி.எஸ். அதாவது கம்பெனி நமக்குக் கூலி கொடுக்கும்போதே ஒரு சிறு பங்கை வருமான வரியாகப் பிடித்து, நம் பான் எண்ணின் பேரில் அரசாங்கத்தில் கட்டிவிடும். 2024-25-ல் நடப்பில் இருந்த 1961-ம் வருஷ வருமான வரிச் சட்டத்தில் இது 194சி பிரிவு. வேலை செய்கிறவர் தனி ஆள் என்றால் 1 சதவீதம், கூட்டு வியாபாரம் அல்லது கம்பெனி என்றால் 2 சதவீதம். ஒரு தடவை கொடுப்பது 30,000 ரூபாய்க்கு மேல் போனாலோ, வருஷத்தில் மொத்தம் 1,00,000 ரூபாய்க்கு மேல் போனாலோ பிடிக்க வேண்டும். பான் எண்ணே கொடுக்கவில்லை என்றால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். (2026 ஏப்ரல் 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025-ம் வருஷச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. இந்தக் கணக்கு பழைய சட்டக் காலத்தது என்பதால் பழைய எண்களையே எழுதுகிறேன்.)

இது தெரிந்தால் குறைந்த தொகையைப் பார்த்தே பல தடவை காரணத்தைச் சொல்லிவிடலாம். கூலியில் சரியாக 1 சதவீதம் குறைந்தால் அது டி.டி.எஸ்., கேள்வி கேட்க ஒன்றுமில்லை. 2 சதவீதம் குறைந்தால் நம்மைத் தனி ஆள் என்று பதியாமல் கூட்டு வியாபாரம் என்று பதிந்திருக்கிறார்கள். சரியாக ஜி.எஸ்.டி. தொகை மட்டும் குறைந்தால், நாம் ஜி.எஸ்.டி.ஆர்-1 கணக்கில் அந்த பில்லை இன்னும் காட்டவில்லை, அதனால் அவர்களுடைய 2பி பட்டியலில் அது வரவில்லை, வரும் வரை வரித்தொகையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம்.

எங்கள் 3,293 இதில் எதிலும் அடங்கவில்லை. அப்படியென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் கலந்திருக்கிறது.

கலந்த தொகையைப் பிரிப்பது

இரண்டு காரணம் கலந்திருந்தால் ஒன்றைக் கழித்துவிட்டு மீதியைப் பார்க்க வேண்டும். மாமா தனி ஆள், அதனால் டி.டி.எஸ். கட்டாயம் இருக்கும். 84,000-ல் 1 சதவீதம் 840 ரூபாய்.

3,293 – 840 = 2,453

போனில் "ரிஜெக்‌ஷன்" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்ததே, அதை வைத்துப் பார்த்தேன். ஒரு புஷ் ரிஜெக்ட் ஆனால் 70 ரூபாய் போகும். அதன் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து போனால் 78 ரூபாய் 40 காசு. 2,453-ஐ 70-ஆல் வகுத்தால் 35.04. 78.40-ஆல் வகுத்தால் 31.29. புஷ்ஷை முழுசாகத்தான் ரிஜெக்ட் செய்ய முடியும், கால் புஷ் அரை புஷ் கிடையாது. ஆகவே ஏதோ ஒன்று இடிக்கிறது.

டி.டி.எஸ்.ஸைக் கூலிக்கு மட்டும் போடாமல் ஜி.எஸ்.டி. சேர்ந்த மொத்தத் தொகைக்கும் போட்டிருந்தால்? 94,080-ல் 1 சதவீதம் 940.80, முழு ரூபாயாக்கினால் 941.

3,293 – 941 = 2,352
2,352 ÷ 78.40 = 30

சரியாக முப்பது! ஆக டி.டி.எஸ். 941 ரூபாய், 30 புஷ் ரிஜெக்‌ஷன் 2,352 ரூபாய். கணக்கு இப்படி ஒட்டிக்கொண்டு விழுந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். ஆனால் பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். இது நம் ஊகம். கம்பெனி எழுத்தில் சொன்னால்தான் அது கணக்கு. கடிதம் எழுதுவது இதற்காகத்தான்.

ஏன் எழுத்தில் வாங்க வேண்டும்?

முதலில் அந்த 941 ரூபாய். இது நஷ்டம் இல்லை. கம்பெனி மாமாவின் பான் எண்ணில் கட்டியிருந்தால், 26ஏஎஸ் என்கிற வரிக் கணக்கில் தெரியும். மாமா வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், கட்ட வேண்டிய வரி குறைவாக இருந்தால் மீதி திரும்ப வரும். ஆனால் பான் எண்ணில் ஒரு எழுத்து மாறிக் கட்டியிருந்தால் பணம் மாமாவின் கணக்கில் வராது. கம்பெனிதான் அதைத் திருத்திக் கொடுக்க முடியும்.

இதில் இன்னொரு சின்ன விஷயம். பில்லில் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால் டி.டி.எஸ்.ஸை அந்த வரிக்குப் போடத் தேவையில்லை, கூலிக்கு மட்டும் போட்டால் போதும். நேரடி வரிகள் வாரியம் 2017 ஜூலையில் வெளியிட்ட 23-ம் எண் சுற்றறிக்கையில் இது இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 101 ரூபாய் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள். அதுவும் நம் பெயரில்தான் சேரும், திரும்பக் கேட்டுக்கொள்ளலாம். ஆகவே இந்த 101 ரூபாய்க்காகச் சண்டை வேண்டாம். அடுத்த பில்லில் சரியாகப் பிடிக்கச் சொன்னால் போதும்.

அடுத்தது 2,352 ரூபாய். சங்கடமே இங்கேதான். நாம் அக்டோபர் பில்லுக்கு முழு ஜி.எஸ்.டி. 10,080-ஐயும் அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டியாயிற்று. பணம் வந்ததா வரவில்லையா என்று ஜி.எஸ்.டி. கேட்காது, பில்லைத்தான் பார்க்கும். 30 புஷ்ஷின் பணம் வரவில்லை, அதற்கான வரி 252 ரூபாயை மட்டும் நம் கையிலிருந்து கட்டியிருக்கிறோம். இதைக் குறைக்க வேண்டுமானால் நாம் கிரெடிட் நோட் போட வேண்டும். கம்பெனி அனுப்புகிற டெபிட் நோட் என்பது அவர்கள் காரணம் சொல்கிற காகிதம், அதனால் மட்டும் நம் வரி குறையாது. கிரெடிட் நோட் போட எத்தனை புஷ், எந்தச் சலான், என்ன குறை என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு கெடுவும் உண்டு. அந்த நிதியாண்டு முடிந்து வருகிற நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்டிவிட வேண்டும்.

மூன்றாவது, அந்த 30 புஷ்ஷும் உண்மையிலேயே நம் தப்பால் போனதா என்பது. ஜாப் ஒர்க் செய்கிற எல்லோருக்கும் தெரியும், ரிஜெக்‌ஷனில் இரண்டு வகை உண்டு. அளவு தவறினால் அது மெஷினிங் ரிஜெக்‌ஷன், நம் கணக்கு. வார்ப்பில் புளோ ஹோல் இருந்து, கடையும்போது அது வெளியே தெரிந்தால் அது மெட்டீரியல் ரிஜெக்‌ஷன், வார்ப்புக் கொடுத்தவர் கணக்கு. அதற்கு நம் கூலியைப் பிடிக்கக் கூடாது. எங்கள் ஆர்டரிலேயே இது எழுதியிருந்தது. மொத்தமாக "30 ரிஜெக்‌ஷன்" என்று பிடித்தால் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து போகும்.

எழுதிய கடிதம்

டிசம்பர் 4-ம் தேதி எழுதினோம். கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு எழுதி, ஆர்டர் கொடுத்த பர்ச்சேஸ் பிரிவுக்கு ஒரு நகல் போட்டோம். பணம் அனுப்புவது ஒருவர், ரிஜெக்ட் செய்வது ஒருவர் என்பதால் ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவர் மேல் கையைக் காட்டிவிடுவார். கடிதம் இதுதான்:

*பெறுநர்: கணக்குப் பிரிவு அலுவலர் அவர்கள்*
*நகல்: பர்ச்சேஸ் பிரிவு*

*பொருள்: பில் எண் 61, தேதி 18.10.2024 – வந்த தொகையில் உள்ள வித்தியாசம் பற்றி விவரம் கேட்டல்.*

*மதிப்பிற்குரிய ஐயா,*

*வணக்கம். மேற்படி பில்லுக்கு 02.12.2024 அன்று தாங்கள் அனுப்பிய 90,787 ரூபாய் எங்கள் கணக்கில் வந்து சேர்ந்தது. குறித்த நாளில் அனுப்பியதற்கு நன்றி. பேங்கின் யு.டி.ஆர். எண்ணைக் கீழே குறித்துள்ளோம்.*

*பில் தொகை 94,080 ரூபாய். வந்தது 90,787 ரூபாய். வித்தியாசம் 3,293 ரூபாய். இதற்கான விவரச் சீட்டு எங்களுக்கு வந்து சேரவில்லை.*

*எங்கள் கணக்குப்படி இதில் 941 ரூபாய் டி.டி.எஸ். என்றும், மீதி 2,352 ரூபாய் 30 புஷ்களுக்கான பிடித்தம் என்றும் தோன்றுகிறது. இது சரிதானா என்று தெரிவிக்க வேண்டுகிறோம்.*

*சரி என்றால், தயவுசெய்து கீழ்க்கண்டவற்றைச் செய்து உதவ வேண்டும்:*

*1. டி.டி.எஸ். எங்கள் பான் எண்ணில்தான் பதிந்துள்ளதா என்று பார்த்துச் சொல்லவும். எங்கள் பான் எண் கீழே உள்ளது. பில்லில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டியிருப்பதால், வரும் பில்களில் கூலித் தொகைக்கு மட்டும் டி.டி.எஸ். பிடிக்கவும்.*

*2. 30 புஷ்களுக்கான டெபிட் நோட், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் நகல்களைச் சலான் எண்ணுடன் அனுப்பவும்.*

*3. அந்த 30 புஷ்களையும் நாங்கள் பார்வையிட, எங்கள் ஆளிடம் கொடுத்து அனுப்பவும்.*

*புஷ்களைப் பார்த்ததும், எங்கள் வேலையில் உள்ள குறைக்கு உடனே கிரெடிட் நோட் தருகிறோம். டிசம்பர் மாத ஜி.எஸ்.டி. கணக்கில் சேர்க்க வேண்டியிருப்பதால், 14.12.2024-க்குள் பதில் தந்தால் உதவியாக இருக்கும். அதுவரை 2,352 ரூபாயை நிலுவையாகவே எங்கள் கணக்கில் வைத்துள்ளோம்.*

*இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள…*

இந்தக் கடிதத்தில் சில விஷயங்களைக் கவனியுங்கள். வந்த பணத்துக்கு முதலில் நன்றி சொல்லியிருக்கிறது. அது வெறும் மரியாதைக்காக மட்டும் இல்லை. எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று நாம் ஒப்புக்கொள்கிற சாட்சியும் அதுதான். "குறைத்துவிட்டீர்கள்", "பாக்கி வைத்திருக்கிறீர்கள்" என்று எங்கேயும் இல்லை, "வித்தியாசம்" என்றுதான் இருக்கிறது. ஏனென்றால் காரணம் தெரியும் வரை அது பாக்கியா பிடித்தமா என்று நமக்கே தெரியாது. 941 ரூபாயை அனுப்புங்கள் என்று கேட்கவும் இல்லை. டி.டி.எஸ்.ஸைப் பாக்கி என்று கேட்டால், "இவங்களுக்குக் கணக்கே தெரியலை" என்று கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

நாம் போட்ட கணக்கை எழுதியதும் ஒரு காரணத்தோடுதான். "விவரம் அனுப்பவும்" என்று மட்டும் எழுதினால் அந்தக் கிளார்க் பழைய ஃபைலைத் தேடி எடுத்து, கணக்குப் போட்டு, பதில் எழுத வேண்டும். அந்த வேலை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போகும். "இதுதானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். தப்பாக இருந்தாலும் திருத்துவது சுலபம்.

கடைசி வரியும் முக்கியம். பதில் வரும் முன்னாலேயே 30 புஷ்ஷுக்கும் கிரெடிட் நோட் அனுப்பிவிட்டால், குறை முழுக்க நம்முடையதுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் அந்தத் தொகையை நிலுவை என்றே வைத்திருந்தோம். பட்டறை நோட்டில் இப்படி எழுதினோம்: பேங்கில் வந்தது 90,787, டி.டி.எஸ். வர வேண்டியது 941. கம்பெனி நிலுவை 2,352. கூட்டினால் 94,080. பில் அப்படியே ஒத்துப் போகிறது.

என்ன பதில் வந்தது?

ஆறாம் நாள் பதில் வந்தது. விவரச் சீட்டை அவர்கள் அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் மாமா எப்போதோ விட்டுவிட்ட பழைய ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. கணக்கு நாங்கள் போட்டதேதான். 941 டி.டி.எஸ்., 30 புஷ் ரிஜெக்‌ஷன். டெபிட் நோட்டில் "போர் ஓவர்சைஸ்" என்று ஒரே வரி.

மாமாவும் நானும் போய் 30 புஷ்ஷையும் கொண்டுவந்தோம். டிராயிங்கில் போர் 25 மி.மீ., எச்7 பொருத்தம். அதாவது 25.000-க்கும் 25.021-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பிளக் கேஜை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். 19 புஷ்ஷில் நோ-கோ முனை தாராளமாக உள்ளே போனது. அது சந்தேகமில்லாமல் ஓவர்சைஸ். மீதி 11 புஷ்ஷில் நோ-கோ போகவே இல்லை, அளவு சரி. ஆனால் போரின் உள்சுவரில் ஊசி முனை அளவுக்குக் குழிகள். புளோ ஹோல்! வார்ப்பின் குறை. இன்ஸ்பெக்‌ஷனில் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு, ஒரே காரணத்தை எழுதிவிட்டார்கள்.

11 புஷ்ஷையும் தனியாகக் கட்டி, பர்ச்சேஸ் பிரிவில் காட்டினோம். பார்த்தவர் ஒன்றும் மறுக்கவில்லை. "காஸ்டிங்காரன் கணக்குல போட்டுக்கறோம்" என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். கணக்கு இப்படி முடிந்தது:

திரும்பக் கிடைத்தது: 11 × 78.40 = 862.40 ரூபாய் (அடுத்த பில்லோடு சேர்ந்து வந்தது)
கிரெடிட் நோட்: 19 × 70 = 1,330 ரூபாய், அதன் ஜி.எஸ்.டி. 159.60 ரூபாய், மொத்தம் 1,489.60 ரூபாய்

அந்த 159.60-ஐ டிசம்பர் மாத ஜி.எஸ்.டி.யில் குறைத்துக்கொண்டோம். கம்பெனி தன் பக்கத்தில் அந்த அளவு உள்ளீட்டு வரியைத் திருப்பிக்கொண்டது. டி.டி.எஸ்.ஸுக்கு அக்டோபர்–டிசம்பர் காலாண்டுக் கணக்கைக் கம்பெனி ஜனவரி 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும், 16ஏ சான்றிதழை அதற்குப் பிறகு 15 நாளில் தர வேண்டும். அதனால் டிசம்பரிலேயே 26ஏஎஸ்ஸைத் திறந்து "காணோமே" என்று பதறத் தேவையில்லை. பிப்ரவரியில் பார்த்தோம், 941 ரூபாய் மாமாவின் பெயரில் இருந்தது.

ஆக, 3,293 ரூபாயில் மாமாவுக்கு உண்மையான நஷ்டம் 19 புஷ்ஷின் கூலி 1,330 ரூபாய் மட்டும்தான். மற்றதெல்லாம் அங்கங்கே அவர் பெயரில் இருந்த பணம். கேட்காமல் விட்டிருந்தால் 862.40-ம் 159.60-ம் போயே போயிருக்கும். 941 ரூபாய் இருக்கிறதா இல்லையா என்றே தெரிந்திருக்காது.

பணத்தோடு வந்த இன்னொன்று

சலான் எண் கேட்டதால் வேறொரு உண்மையும் தெரிந்தது. ஓவர்சைஸ் ஆன 19 புஷ்ஷும் கடைசிச் சலானில் போனவை. முதல் 800-ல் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் ஆளின் கை தவறியிருந்தால் எல்லாச் சலானிலும் பரவலாக அல்லவா வந்திருக்கும்? கடைசி 400-ஐ ஓட்டியபோது மெஷினில் ஏதோ மாறியிருக்க வேண்டும். புஷ்ஷின் போரை டெயில்ஸ்டாக்கில் ரீமரைப் பிடித்துத்தான் முடிக்கிறோம். டயல் இண்டிகேட்டர் வைத்துப் பார்த்தபோது டெயில்ஸ்டாக் சென்டரை விட்டு ஒரு பக்கமாக விலகியிருந்தது. விலகி நிற்கிற ரீமர் ஓட்டையைப் பெரிதாக்கும் என்று நாம் படித்திருக்கிறோமே, அதேதான். சரி செய்தார்கள். அதற்குப் பிறகு மாமா ஒவ்வொரு 50 புஷ்ஷுக்கும் ஒரு தடவை கேஜ் போடச் சொல்லிவிட்டார்.

எல்லாக் கடிதத்துக்கும் இப்படி நல்ல பதில் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். சில கம்பெனிகளில் பதிலே வராது. வராவிட்டால் பத்து நாள் கழித்து முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு இன்னொரு சிறு கடிதம் போடலாம். ரிஜெக்ட் ஆன புஷ்ஷை உருக்கிவிட்டோம் என்று சொன்னால் புளோ ஹோலை நிரூபிக்க வழி இல்லை. அதனால்தான் சீக்கிரம் எழுத வேண்டும். பணம் வந்து மூன்று மாதம் கழித்து எழுதினால் கடிதம் சரியாக இருக்கும், காட்டுவதற்குப் புஷ் இருக்காது.

இப்போது மாமா ஒவ்வொரு பில்லின் அடியிலும் இரண்டு வரி சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறார். ஒன்றில் பான் எண்ணும் "தனி உரிமையாளர்" என்ற சொல்லும். இன்னொன்றில் விவரச் சீட்டு அனுப்ப வேண்டிய புது ஈமெயில். நாளைக்கு நீங்கள் பில் புத்தகம் அச்சடிக்கக் கொடுக்கும்போது இந்த இரண்டு வரியையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். வித்தியாசம் வரும்போது எழுத வேண்டிய கடிதத்தில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.